மறைந்துபோன மட்டிகள்: ஒரு கூடு எப்போது கல்லில் தங்குகிறது, எப்போது தடமில்லாமல் போகிறது

இங்கிலாந்தின் தெற்குக் கரையில், டார்செட் கடலோரத்தில் போர்ட்லண்ட் என்றொரு சிறு தீவு இருக்கிறது. அங்கே வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் கட்டடக் கல்லாகப் பேர்போனது. அந்தக் கல்லின் ஒரு அடுக்குக்கு ‘ரோச்’ என்று பெயர். அதை உடைத்தால் கல் முழுக்கப் பொந்துகள். பல பொந்துகளுக்குள் புரி போட்ட கல் தண்டு ஒன்று நீண்டு நிற்கும். குவாரி ஆட்கள் அதைப் ‘போர்ட்லண்ட் ஸ்க்ரூ’ என்றே அழைத்தார்கள். ஜுராசிக் காலம் முடியப்போகும் நேரத்தில், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழம் குறைந்த கடலில் ஊர்ந்து திரிந்த அப்டிக்சியெல்லா என்ற நெடிய சங்கு விட்டுப்போனது அது.

அந்தத் தண்டைச் சங்கு என்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் அது சங்குக்குள் புகுந்து இறுகிய சேறு. சங்கின் வெளிப்புறத்தை மூடியிருந்த சேறு பொந்தின் சுவராக நிற்கிறது. தண்டுக்கும் சுவருக்கும் நடுவே விரல்நகம் நுழையுமளவு ஒரு வெற்றிடம் இருக்கிறதே, சங்கின் ஓடு இருந்த இடம் அதுதான். அதாவது சங்கில் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. ஆனால் அதன் உள் வடிவம், வெளி வடிவம், ஓட்டின் தடிமன் மூன்றும் அப்படியே இருக்கின்றன.

இந்தக் கல்லை நான் முன்னே வைப்பதற்குக் காரணம் உண்டு. புதைபடிவம் என்றால் உயிரின் ஒரு பகுதி கல்லாக மாறுவது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே இரண்டு மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. உடல் அழுகுகிறது, ஓடு கரைகிறது, சேறு இறுகுகிறது, கரைசலாக வரும் கனிமங்கள் படிகின்றன. இவற்றில் எது முந்துகிறது என்பதை வைத்தே ஒரு கூடு அச்சாக நிற்குமா, வார்ப்பாகுமா, கனிமம் ஏறிக் கல்லாகுமா, ஒன்றுமே இல்லாமல் போகுமா என்பது முடிவாகிறது. இந்தக் கடைசி முடிவுதான் மிக மிக அதிகம்.

சேற்றின் மேல் சாண்

ஒரு மட்டி செத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். சதையை நண்டும் மீனும் பாக்டீரியாவும் சீக்கிரமே தீர்த்துவிடும். இரண்டு ஓடுகளையும் இணைத்திருந்த தசைநார் அழுகியதும் அவை தனித்தனியே பிரிந்து கிடக்கும். மிஞ்சுவது கால்சியம் கார்பனேட்டும் கொஞ்சம் புரதமும்தான்.

இங்கே ஒரு நுணுக்கம். கால்சியம் கார்பனேட் இரண்டு படிக வடிவங்களில் கூடாகிறது. ஒன்று கால்சைட், மற்றது அரகோனைட். சிப்பியும் ஸ்காலப்பும் பெரும்பாலும் கால்சைட்டில் ஓடு கட்டுகின்றன. மற்ற மட்டிகளில் பெரும்பாலானவை, பெரும்பாலான நத்தைகள், அழிந்துபோன அம்மோனைட்டுகள் எல்லாம் அரகோனைட் கட்சி. வேதிப்பொருள் ஒன்றே, அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. ஆனால் அரகோனைட் நீரில் சுமார் ஒன்றரை மடங்கு எளிதாகக் கரையும். கேட்க இது சின்ன வித்தியாசமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேற்றின் இடுக்குகளில் தேங்கும் நீர் பல சமயம் இந்த இரண்டு வரம்புகளுக்கும் இடையில் நிற்கும். கால்சைட்டை அதனால் கரைக்க முடியாது, அரகோனைட்டைக் கரைக்க முடியும். அப்போது ஒரே சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் சிப்பி அப்படியே இருக்க, மட்டி கரைந்துபோகும்.

வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல்களின் நீர் இரண்டு படிகங்களுக்கும் தேவைக்கு மேலேயே கார்பனேட் கொண்டது. அப்புறம் எப்படி ஓடு கரைகிறது? கரைப்பது கடல்நீர் இல்லை, சேறுதான். கடல்தரைச் சேற்றில் மேலிருந்து சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் ஆழம் வரையே ஆக்சிஜன் இருக்கும். அங்கே வாழும் பாக்டீரியா அழுகுபொருளைத் தின்று கார்பன் டைஆக்சைடு விடுகிறது, நீர் லேசாக அமிலமாகிறது. அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு பாக்டீரியா வேலை செய்கிறது. அது கடல்நீரின் சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். சேற்றைக் கிளறும்போது வரும் அழுகிய முட்டை வாடை அதுதான். அந்த வாயு அங்கேயே இருந்தால் ஓட்டுக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் புழுக்களும் இறால்களும் வளை தோண்டி மேலேயுள்ள ஆக்சிஜன் நீரைக் கீழே இறைத்தபடியே இருக்கும். ஆக்சிஜனும் சல்ஃபைடும் சேர்ந்தால் கந்தக அமிலம். அரகோனைட் ஓட்டைக் கரைப்பதில் பெரிய பங்கு இந்த அமிலத்துக்கு உண்டு.

சேற்றில் இரும்பு நிறைய இருந்தால் சல்ஃபைடு அதனோடு சேர்ந்து பைரைட்டாகப் படிந்துவிடும், அமிலமாகத் திரும்பி வராது. களிமண் கலந்த சேற்றில் இரும்பு கிடைக்கும். சுத்தமான சுண்ணாம்புச் சேற்றில் அது குறைவு. எனவே ஓட்டுக்குப் பாதுகாப்பாகத் தெரியும் வெண்மையான சுண்ணாம்புச் சேறே அதற்கு எமனாகவும் ஆகலாம். எனக்கு இந்தத் துறையில் பிடித்த முரண் இது.

கரைவது ஒருபுறம் இருக்க, துளைபோடும் கடற்பஞ்சுகளும் பாசிகளும் ஓட்டைச் சல்லடையாக்கும். அலை உருட்டித் தேய்க்கும். இவை எல்லாம் நடக்கும் இந்த மேல் அடுக்கு சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு சாண் ஆழம் வரை, இடத்துக்கு இடம் கூடக் குறைய இருக்கும். இதைத் தாண்டிக் கீழே போய்விட்ட ஓடு கிட்டத்தட்டத் தப்பித்தது. ஆனால் சாதாரணக் கடல்தரையில் ஒரு சாண் வண்டல் சேர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒரே ஒரு புயல் அதை ஒரே இரவில் கொட்டிவிடும். நல்ல புதைபடிவ அடுக்குகளை அமைதியான கடலின் பரிசு என்று எழுதுவார்கள். நிறைய இடங்களில் அவை புயல் வீசிய இரவின் கொடை.

எது முந்தியது?

இனி போர்ட்லண்ட் கல்லுக்குத் திரும்பலாம். அங்கே சங்கு கரைவதற்குள் சேறு இறுகிவிட்டது. பிறகு எப்போதோ கல்லின் இடுக்குகளில் ஓடிய நீர் அரகோனைட் ஓட்டைக் கரைத்து எடுத்துச் சென்றது. கல் கெட்டியாக இருந்ததால் அந்த இடம் இடிந்து மூடவில்லை. வெளிச் சுவரில் பதிந்த உருவம் வெளி அச்சு. உள்ளே நிற்கும் தண்டு உள் அச்சு.

இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாவிட்டால் ஒரே உயிரினத்தை இரண்டாகப் பெயரிட்டுவிடும் அபாயம் உண்டு. ஒரு மட்டியின் வெளி அச்சில் ஓட்டின் மேல்புற வரிகளும் முட்களும் தலைகீழாகத் தெரியும், மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும். உள் அச்சில் அந்த வரிகள் வராது, வழவழவென்று இருக்கும். அதற்குப் பதில் ஓட்டை மூடித் திறந்த தசைகள் ஒட்டியிருந்த தழும்புகள் புடைத்துத் தெரியும். தழும்பு தெரிந்தால் நாம் பார்ப்பது உள்பக்கம்.

வெளி அச்சை வைத்து உயிரினத்தை அடையாளம் காண ஆய்வகத்தில் செய்வது எளிமையானது. அச்சைத் தூரிகையால் சுத்தம் செய்து, திரவ லேடெக்ஸை மெல்லிய அடுக்காகப் பூசி, காற்றுக் குமிழிகளை ஊதி விலக்கி, காயவிட்டு, மேலும் சில அடுக்குகள் பூசி உரித்தெடுக்க வேண்டும். கையில் வருவது கரைந்துபோன ஓட்டின் வெளிப்புறம், ரப்பரில். அதன் மேல் அம்மோனியம் குளோரைடு புகையைப் படியவிட்டு வெள்ளையாக்கிப் பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்தால் முடியளவு வரிகூடப் படத்தில் விழும்.

இதே வேலையை இயற்கையும் செய்கிறது. சிலை வார்ப்பவர் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதைப் போல, ஓடு கரைந்த வெற்றிடத்துக்குள் கனிம நீர் புகுந்து கால்சைட்டாகப் படிந்தால் கிடைப்பது வார்ப்பு. பார்வைக்கு அது அசல் ஓடு மாதிரியே இருக்கும். மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். அசல் ஓட்டில் மட்டி வளர்ந்தபோது கட்டிய அடுக்குகள் தெரியும். வார்ப்பில் அவை இருக்காது. சுவர்களிலிருந்து நடுவை நோக்கி வளர்ந்த, உள்ளே போகப் போகப் பெரிதாகும் கால்சைட் படிகங்கள்தான் இருக்கும். இதற்கு நடுவில் மூன்றாவது ஒன்றும் உண்டு. வெற்றிடமே உருவாகாமல், மெல்லிய நீர்ப்படலம் ஒன்று ஓட்டினூடே நகர்ந்து ஒருபக்கம் அரகோனைட்டைக் கரைத்து மறுபக்கம் கால்சைட்டைப் படியவைக்கும். அப்படி மாறிய ஓட்டில் பழைய அடுக்குகளின் நிழல் மங்கலாகத் தெரியும்.

சரி, சேறு அரைகுறையாக இறுகியிருக்கும்போது ஓடு கரைந்தால்? அப்போது மேலே சேரும் வண்டலின் எடை வெளி அச்சை உள் அச்சின் மேல் வைத்து அழுத்திவிடும். ஒரே பரப்பில் உள்ளே இருந்த தசைத் தழும்பும் வெளியே இருந்த வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும். உயிரோடு இருந்த எந்த மட்டியிலும் அப்படியொரு பரப்பு இருந்திருக்க முடியாது. இப்படிப்பட்ட கூட்டு அச்சைக் கண்டால் வேதியியல் அளவீடு எதுவும் இல்லாமலே ஒரு செய்தியைப் படித்துவிடலாம்: ஓடு கரைந்தபோது சேறு வடிவத்தைப் பிடித்துவைக்கும் அளவுக்குக் கெட்டி, அழுத்தினால் வளையும் அளவுக்கு மென்மை.

சேறு கூழாக இருக்கும்போதே ஓடு கரைந்துவிட்டால் அச்சு விழ வாய்ப்பே இல்லை. சுற்றியுள்ள சேறு அந்த இடத்தில் வழிந்து மூடிவிடும். அடுத்த வாரம் ஒரு புழு அதன் குறுக்கே வளை தோண்டிப் போகும். ஓடு கட்டி வாழ்ந்த ஓர் உயிர் கல்லில் தடமே இல்லாமல் போவது இப்படித்தான்.

கனிமம் முந்திக்கொண்டால்

மேலே சொன்ன வழிகளில் எல்லாம் உயிரின் பொருள் போய் வடிவம் மட்டுமே நிற்கிறது. கனிமமேற்றம் வேறு மாதிரி. இங்கே பொருள் இருக்கும்போதே அதன் இடுக்குகளில், செல்களின் உள்வெளியில், எலும்பின் நுண்துளைகளில் கனிமம் நிறைந்துவிடுகிறது. இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கல்மரம்.

எரிமலைச் சாம்பல் கலந்த வண்டலுக்குள் மரம் ஒன்று புதைகிறது. சாம்பலின் கண்ணாடித் துகள்கள் எளிதாகக் கரைந்து நீரில் சிலிக்கா அமிலத்தை ஏற்றும். மரத்தின் செல்சுவரில் இருக்கும் செல்லுலோஸும் லிக்னினும் அந்த அமில மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் இழுத்துப் பிடிக்கும். முதலில் செல்சுவரின் மேல் மெல்லிய சிலிக்கா படலம், அப்புறம் சுவருக்குள், கடைசியாகச் செல்லின் நடுவெளி. செல்சுவரே அச்சாக இருந்து வழிநடத்துவதால்தான் வளர்ச்சி வளையங்கள் மட்டுமின்றிச் செல்களும்கூட நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கும்படி நிற்கின்றன. பிற்பாடு சுவரின் கரிமப்பொருள் சிதைந்து அந்த இடத்தையும் சிலிக்கா பிடிக்கலாம். அதைப் பதிலீடு என்பார்கள். ஒரே கட்டையில் இரண்டும் கலந்திருப்பதுதான் வழக்கம். பாடநூல்கள் இவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் போடுவது கற்பிக்க வசதியே தவிர, பாறை அப்படிக் கட்டம் பார்ப்பதில்லை.

மரம் கல்லாக லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பது பரவலான நம்பிக்கை. யோசித்தால் இது நடக்கவே முடியாத காரியம். காற்றுப்பட்ட மரத்தைப் பூஞ்சை சில பத்தாண்டுகளில் தின்று தீர்த்துவிடும். கல்லாகும் வேலை அதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். ஜப்பானில் சிலிக்கா நிறைந்த வெந்நீர் ஊற்று ஒன்றில் மரத்துண்டுகளைப் போட்டு வைத்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், 7 ஆண்டுகளில் மரத்துண்டின் எடையில் சுமார் 40 சதவீதம் சிலிக்காவாகியிருந்தது. ஆண்டுகள் கோடிக்கணக்கில் போவது அதற்கு அப்புறம். முதலில் படியும் சிலிக்கா படிகமில்லாத ஓப்பல். அது மெல்ல மெல்ல நீரை இழந்து குவார்ட்ஸாக மாறத்தான் அந்த நெடுங்காலம்.

சிலிக்கா எவ்வளவு வேகமாக முந்த முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்துக் கல்தான் சாட்சி. 1912-ல் வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் கண்டெடுத்தது அது. சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. ஊற்று நீர் பரவி, முழங்கால் உயரம்கூட வளராத ஆதித் தாவரங்களை நின்ற நிலையிலேயே மூழ்கடித்தது. நீர் ஆறியதும் சிலிக்கா பிரிந்து படிந்தது. தாவரத் தண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இலைத்துளைகள், நீர்க்குழாய்ச் செல்கள், தண்டின் வெளிப்பகுதிச் செல்களுக்குள் கிளைபரப்பி வாழ்ந்த பூஞ்சை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. பூஞ்சை இழை போன்ற ஒன்று எப்படித் தங்கியது என்றால், அது அழுக எடுக்கும் நேரத்தைவிடச் சிலிக்கா படிய எடுத்த நேரம் குறைவு. அவ்வளவுதான். ஊற்றிலிருந்து எட்டி, சிலிக்கா எட்டாத மண்ணில் வளர்ந்த அதே காலத்துச் செடிகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

காட்லண்டில் நடந்த சோதனை

இனி கேள்விக்கு வருவோம். தடமில்லாமல் போனவை எவ்வளவு என்று எப்படி அறிவது? இல்லாததை எண்ணுவது எப்படி? இதற்கு ஒரு வழி கிடைத்தது பால்டிக் கடலில் உள்ள ஸ்வீடனின் காட்லண்ட் தீவில்.

அந்தத் தீவே சைலூரியன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லும் களிச்சுண்ணாம்பும் மாறி மாறி அடுக்கிய மேடு. சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் அது வெப்பமண்டலக் கடலின் தரை. அங்கே பொறுக்கினால் கிடைப்பவை பிராக்கியோபாட், பவளம், கடல் அல்லியின் தண்டுத் துண்டு, அழிந்துபோன மூட்டுக்கால் உயிரான டிரைலோபைட், பாசி விலங்கு. பிராக்கியோபாட் பார்க்க மட்டி மாதிரியே இரண்டு ஓடு கொண்டது, ஆனால் மட்டிக்கு உறவே இல்லாத தனிக் குலம். மட்டியும் நத்தையும் அங்கே கிடைக்கும், ஆனால் குறைவு. இதை வைத்து, அந்தக் காலத்துக் கடல்தரையில் பிராக்கியோபாட்டின் ஆட்சி, மட்டிகள் ஓரமாக ஒதுங்கியவை என்று படம் வரைந்தார்கள்.

பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் ஒன்று உறைக்கும். அதிகமாகக் கிடைப்பவை எல்லாமே கால்சைட் கூடு கட்டியவை. குறைவாகக் கிடைப்பவை அரகோனைட் கட்டியவை. கடலில் குறைவாக இருந்தனவா, சேற்றில் குறைவாகத் தங்கினவா?

லெஸ்லி செர்ன்ஸ், பால் ரைட் இருவரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தேடியது. காட்லண்டில் ஓரிடத்தில் கூடுகள் சேற்றில் கிடந்த ஆரம்பக் காலத்திலேயே சிலிக்காவால் பதிலீடு செய்யப்பட்டிருந்தன. அரகோனைட் கரைந்து தீருவதற்குள் சிலிக்கா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுற்றியுள்ள பாறையில் நடந்த இழப்பு இங்கே நடக்கவில்லை. எனவே அன்றைய கடல்தரையில் உண்மையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்க இந்தக் கல் ஒரு ஜன்னல்.

இப்படிப்பட்ட கல்லைச் சுத்தியலால் உடைப்பதில்லை. அமிலத் தொட்டியில் போடுவார்கள். நீர்த்த அமிலம் சுண்ணாம்பை நுரைக்க நுரைக்கக் கரைக்கும், சிலிக்காவைத் தொடாது. நாள்கணக்கில், பெரிய கட்டியானால் வாரக்கணக்கில் காத்திருந்தால், தொட்டியின் அடியில் கூடுகள் உதிர்ந்து கிடக்கும். மிக மெல்லியவை என்பதால் சல்லடையில் மெதுவாக நீர் விட்டு அலசி, காயவைத்து, நுண்ணோக்கியின் கீழ் தூரிகை நுனியால் பொறுக்கியெடுக்க வேண்டும். சில கூடுகளின் மேல் ஒரு புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாகச் சிலிக்கா படிந்திருக்கும். பதிலீடு அந்தப் புள்ளியில் தொடங்கிப் பரவியதற்கான கையெழுத்து அது. வளையங்கள் பெரிதாக இருந்தால் நுண்ணிய வரிகள் அழிந்திருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தொட்டியில் கிடைத்தவற்றில் ஆதிக்கம் செலுத்தியவை மட்டிகளும் நத்தைகளும்! பலவும் மிகச் சிறியவை. பக்கத்துச் சாதாரண அடுக்குகளின் பட்டியலை வைத்துப் பார்த்தால் அப்படியொரு கூட்டம் அந்தக் கடலில் இருந்ததாக யாரும் சொல்லியிருக்க முடியாது. பிறகு தென் வேல்ஸின் தொடக்க ஜுராசிக் பாறைகளிலும் இதே குழுவினர் இதே ஒப்பீட்டைச் செய்தபோது அங்கேயும் சிலிக்கா ஏறிய அடுக்கில் அரகோனைட் மட்டிகளின் கை ஓங்கியிருந்தது.

ஒரு மாற்று விளக்கத்தை இங்கே விலக்க வேண்டும். சிலிக்கா ஏறிய இடம் மட்டிகளுக்குப் பிடித்த வேறொரு சூழலாக, உதாரணமாகக் கரையோரக் காயலாக, இருந்திருக்கலாமே? அப்படியானால் வேறுபாடு சூழலால் வந்தது, ஓடு கரைந்ததால் வந்தது ஆகாது. இதைச் சோதிக்கச் சிலிக்கா ஏறிய அடுக்கில் கால்சைட் உயிர்களைப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள அடுக்குகளில் கிடைக்கும் அதே பிராக்கியோபாட், அதே பவளம் இங்கேயும் கலந்திருந்தால் சூழல் பெரிதாக மாறவில்லை, அரகோனைட் கூட்டம் மட்டுமே மற்ற இடங்களில் கழிந்திருக்கிறது என்று கொள்ளலாம். இருந்தாலும் சிலிக்கா எதையும் நடுநிலையோடு தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல முடியாது. சில ஓடுகளை அது எளிதாகப் பிடிக்கும், சிலவற்றைத் தொடாது. தொடாத ஓடு அமிலத் தொட்டியில் சுண்ணாம்போடு சேர்ந்து நாமே கரைத்து ஊற்றியதாகிவிடும். ஜன்னல்தான், ஆனால் அதன் கண்ணாடியிலும் கறை உண்டு.

கரைந்தது எங்கே போனது?

அவ்வளவு அரகோனைட் கரைந்தால் அந்தக் கார்பனேட் எங்காவது போயாக வேண்டும். இதற்கு விடை சொன்னதும் காட்லண்ட் பாறைதான். அங்கே கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்கும் மிருதுவான களிச்சுண்ணாம்பு அடுக்கும் மாறி மாறி வருகின்றன என்றேன். ஜெர்மானிய ஆய்வாளர்கள் முன்னெக்கெயும் சம்ட்லெபெனும் 1996-ல் முன்வைத்த விளக்கத்தின்படி, ஒரு அடுக்கில் கரைந்த அரகோனைட் சில சென்டிமீட்டர் தள்ளி அடுத்த அடுக்கில் கால்சைட் சிமென்ட்டாகப் படிந்தது. சிமென்ட் பெற்ற அடுக்கு சீக்கிரமே இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆனது. கொடுத்த அடுக்கு இறுகாமல் மேல் எடையில் நசுங்கிக் களிச்சுண்ணாம்பாக நின்றது. நசுக்கலை நேரில் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல்லில் புழு வளைகளின் குறுக்குவெட்டு வட்டமாகவே இருக்கும், களிச்சுண்ணாம்பில் அவை தட்டையாகிவிட்டிருக்கும்.

ஆக, பிராக்கியோபாட்டை இன்றுவரை பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கும் அந்தக் கல்லை ஒட்டவைத்த பசையில் ஒரு பங்கு, பக்கத்தில் வாழ்ந்து கரைந்துபோன மட்டிகளுடையதாக இருக்கலாம்.

கூடே இல்லாதவை

இதுவரை பேசியது கூடு கட்டிய உயிர்களின் பாடு. கூடோ எலும்போ இல்லாத புழு, ஜெல்லி மீன், மென்மையான இலை ஆகியவற்றுக்கு ஓட்டப்பந்தயத்தில் கிடைக்கும் நேரம் நாள்கணக்குதான். அவை தங்குவதற்கு அதைவிட வேகமாக ஏதாவது நடக்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மேசன் க்ரீக் பகுதியில் அப்படி நடந்தது. சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்றுமுகத்துச் சேறு கொட்டி உயிர்களைப் புதைத்தது. உடல் அழுகத் தொடங்கியதும் வெளிவந்த கார்பனேட் அந்தச் சேற்றின் இரும்போடு சேர்ந்து உடலைச் சுற்றியே சிடரைட் முண்டாக இறுகியது. அழுகல்தான் உருவத்தை அழிக்கிறது, அதே அழுகல்தான் உருவத்தைச் சுற்றிக் கல்லையும் கட்டுகிறது. முண்டு இறுகும்வரை உடல் வடிவம் குலையாமல் இருந்தால் ஜெல்லி மீனின் அச்சுகூட விழும். இரும்பு இல்லாத சேற்றில், அல்லது புதையத் தாமதமான இடத்தில் இது நடக்காது. அப்படிப்பட்ட இடங்கள்தான் உலகத்தில் அதிகம்.

நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். கடல்தரையில் வண்டல் சேர்கிறது. மலையிலும் மேட்டிலும் மண் அரித்துப் போகிறது. அரிக்கும் இடத்தில் செத்த உயிர் புதைவதற்கே வழியில்லை. உயரமான மலைகளில் மட்டுமே வாழும் ஓர் இனம் எத்தனை கோடித் தலைமுறை கண்டாலும் பாறையில் பெயரெழுதாமல் போகலாம். புதைந்து கல்லானவையும் பிறகு பாறை மடிந்து உருகி, அல்லது மேலெழுந்து அரித்து, அழிகின்றன. ஆனால் இது இரண்டாம் கட்ட இழப்பு. பெரிய இழப்பு முதல் ஒரு சாண் சேற்றிலேயே முடிந்துவிடுகிறது.

இத்தனை பெரிய ஓட்டை இருந்தால் உயிர் வரலாறு என்று நாம் எழுதிவைத்திருப்பது எந்த அளவுக்குத் தேறும்? இந்தக் கேள்வியை மட்டிகளை வைத்தே தொல்லுயிரியலாளர் சூசன் கிட்வெல் 2005-ல் சோதித்தார். கரைந்துபோவதுதான் வரலாற்றைத் திரிக்கிறது என்றால், அரகோனைட் ஓடு கட்டிய பேரினங்கள் பாறைப் பதிவில் கால்சைட் பேரினங்களைவிடக் குறுகிய ஆயுள் கொண்டவையாகத் தெரிய வேண்டும். அவற்றின் முதல் படிவமும் கடைசிப் படிவமும் காணாமல் போயிருக்குமே! ஆனால் பூமி முழுவதற்குமான பட்டியலில் அப்படி ஒரு சரிவு தெரியவில்லை. ஒரு பேரினம் கணக்கில் சேர அது எல்லா இடத்திலும் தங்க வேண்டியதில்லை. எங்காவது ஒரு புயல் மணலில், ஒரு சிலிக்கா அடுக்கில், சீக்கிரம் இறுகிய ஒரு கடல்தரையின் அச்சில் ஒரே ஒருமுறை மாட்டினால் போதும்.

செர்ன்ஸும் கிட்வெல்லும் மோதிக்கொள்வதாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை, இருவரும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கிறார்கள். எந்தப் பேரினம் எப்போது தோன்றி எப்போது அழிந்தது என்று கேட்டால், அரிதாகக் கிடைக்கும் அச்சுகளும் வார்ப்புகளும் சேர்ந்து ஓரளவு நம்பகமான பதிலைத் தருகின்றன. ஒரு குறிப்பிட்ட கடல்தரையில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை மட்டி, எத்தனை பிராக்கியோபாட், யார் யாரைத் தின்றார்கள் என்று கேட்டால், சாதாரணச் சுண்ணாம்புக்கல்லில் எடுத்த எண்ணிக்கை வெறும் கால்சைட்டின் எண்ணிக்கைதான். அந்தக் கேள்வியோடு போகிறவர் ரோச் போன்ற பொந்துக் கல்லில் வெற்றிடங்களை எண்ண வேண்டும், அல்லது சிலிக்கா ஏறிய அடுக்கு எங்கே என்று தேட வேண்டும். இரண்டும் இல்லாத பாறையில் மட்டிகளின் எண்ணிக்கையைப் பூஜ்யம் என்று எழுதாமல், அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும்.